நானூறு ரூபாய்ச் சண்டையும் நடுவில் நின்ற நானும்

என் பையனுக்கு அப்போது பத்து வயது. ஒரு நாள் சாயங்காலம் நான் போனை வைத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பினேன், அவன் வீட்டுப்பாட நோட்டிலிருந்து தலையைத் தூக்கி என் முகத்தை ஒரு நொடி பார்த்துவிட்டு, "இன்னைக்கு யாரும்மா சண்டை? தாத்தாவா, மாமாவா?" என்று கேட்டான். கேட்டுவிட்டு, டிவி சத்தத்தை அவனாகவே குறைத்தான். யாரும் குறைக்கச் சொல்லவில்லை. அந்தக் கை போய் ரிமோட்டை எடுத்த விதத்தைப் பார்த்ததும் எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது, ஏனென்றால் அது என் கை. முப்பது வருடத்துக்கு முன்னால் ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டு ரேடியோவை அப்படித்தான் நானும் குறைப்பேன்.

இதைப் பல நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டேன். வீட்டு விஷயத்தை வெளியே சொல்கிறோமே என்ற கூச்சம்தான். ஆனால் என்னைப் போல ஒவ்வொரு வீட்டிலும் ஒருத்தி இருக்கிறாள் (சில வீடுகளில் ஒருத்தன்). யாருக்கு யார் மேல் கோபம், யார் சாப்பிடாமல் படுத்துவிட்டார், யாரிடம் எதை எப்போது சொல்ல வேண்டும் என்று ஓயாமல் மனதுக்குள் கணக்கு ஓட்டிக்கொண்டே இருப்பவள். வீடே அவளைத் தங்கமான பிள்ளை என்று சொல்லும். அவளுக்கு மட்டும் ராத்திரி தூக்கம் வராது. அவளுக்காகத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் அது எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியும். அப்பாவுடையது நாட்டுப்படகு. விடிகாலையில் கரை திரும்பினால் அம்மாவும் நானும் போய் நிற்போம். ஐஸ் பெட்டியை இரண்டு பேர் பிடித்துத் தூக்கி இறக்கினால் மீன்பாடு நல்லபடி இருந்தது என்று அர்த்தம். அப்பா ஒரு ஆளே ஒரு கையால் மணலில் இழுத்துக்கொண்டு வந்தால் அன்றைக்கு வீட்டில் யாரும் சத்தமாகப் பேசக் கூடாது. ஒன்பது வயதில் இதை நான் படித்துவிட்டேன். அவர் படி ஏறுவதற்குள் நான் முன்னால் ஓடிவந்து ரேடியோவைக் குறைத்து, அண்ணனைப் புத்தகத்தோடு உட்காரவைத்து, தண்ணீர்ச் செம்பை எடுத்து வைத்திருப்பேன். அப்பா கை நீட்டுகிறவர் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். அவர் பேசாமல் இருப்பார், அவ்வளவுதான். அந்தப் பேசாமை வீடு முழுக்க நிற்கும்.

இன்னொன்றும் உண்டு, கடல்கரை ஆட்களுக்கு இது புரியும். "கடலுக்குப் போற மனுசனை மொகஞ்சுளிச்சு அனுப்பக் கூடாது" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள். காற்று திரும்பும், இன்ஜின் நிற்கும், எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போகும். எங்கள் தெருவில் இந்த மூன்றில் ஒன்றும் நடக்காத வீடு கிடையாது. ராத்திரி ஒரு வார்த்தை தடித்து, காலையில் ஆள் போய், அப்படியே வராமல் போனால்? அந்தக் கடைசி வார்த்தையோடு யார் வாழ்வது? ஆகவே எங்கள் வீட்டில் சண்டை என்பது உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம். ஒவ்வொரு சண்டையையும் இருட்டுவதற்குள் தீர்த்தாக வேண்டும், தீர்க்கிற ஆள் நான். இப்படி யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. நானாக எடுத்துக்கொண்டேன், எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

கல்யாணம் ஆகி ராமநாதபுரம் டவுனுக்கு வந்த பிறகு, கடைக் கணக்கு எழுதும் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு, இது குறையும் என்று நினைத்தேன். போன் வந்ததால் கூடியது. அம்மா கூப்பிட்டு மதினியைப் பற்றிச் சொல்வாள், மதினி கூப்பிட்டு அம்மாவைப் பற்றிச் சொல்வாள், அண்ணன் அப்பாவைப் பற்றி, அப்பா யாரைப் பற்றியும் சொல்லாமல் "உங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வை தாயி" என்பார். என் வீட்டுக்காரர் ஒருமுறை சொன்னார், "உங்க வீட்டு போன் வந்தா மட்டும் நீ எந்திரிச்சு நின்னுதான் பேசுற." நான் கவனித்ததே இல்லை. உண்மைதான், உட்கார்ந்து பேசியதே இல்லை.

2023 தடைக்காலத்தில் நடந்ததை முழுசாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் செய்துகொண்டிருந்தது என்ன என்பது அதில்தான் எனக்கே விளங்கியது.

வருடா வருடம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இந்தக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. நாட்டுப்படகுக்கு அந்தத் தடை இல்லை. அண்ணன் ஒரு விசைப்படகில் டிரைவராகப் போகிற ஆள். படகு கட்டிக்கிடக்கும் அந்த இரண்டு மாதமும் அப்பாவோடு எங்கள் நாட்டுப்படகில் நண்டு வலைக்குப் போகும். (எங்கள் பக்கம் அண்ணன் போகும், வரும் என்றுதான் சொல்வோம், மரியாதைக் குறைவு இல்லை.) மற்ற பத்து மாதம் வேறு வேறு படகில் இருக்கிற இரண்டு பேரும் அந்த இரண்டு மாதம் ஒரே படகில்.

கணக்கு இப்படி. ஒரு நாள் 14 கிலோ நண்டு, கிலோ 400 ரூபாய் என்று வைத்தால் 5,600. எண்ணெய், சாப்பாடு, சில்லறைச் செலவு 1,600 போனால் மிச்சம் 4,000. அப்பா பழைய வழக்கப்படி பிரிப்பார். பாதி, அதாவது 2,000, படகுக்கும் வலைக்கும். மீதி 2,000 கடலுக்குப் போன இரண்டு பேருக்கும் தலைக்கு ஆயிரம். அண்ணன் கேட்டது வேறு. வலையில் மொத்தம் 20 கட்டு, அதில் 8 கட்டு அண்ணன் சொந்தக் காசு போட்டு வாங்கியது. படகுக்கு ஆயிரம், வலைக்கு ஆயிரம் என்று வைத்தால், வலைக்கான ஆயிரத்தில் தன் எட்டுக் கட்டுக்கு நானூறு வர வேண்டும் என்றது. நியாயம்தான் என்று எனக்கும் பட்டது. ஒரே அடுப்பில் சாப்பிட்டுக்கொண்டு மகன் வலைப்பங்கு கேட்கிறானே என்பது அப்பாவின் நியாயம். அதுவும் எனக்குப் புரிந்தது. எனக்கு எப்போதும் இரண்டு பக்கமும் புரிந்துவிடும், அதுதான் சிக்கலே.

ஏப்ரல் கடைசியில் அண்ணன் என்னிடம் சொன்னது இது: "ஜூன் முடியறதுக்குள்ள என் வலைக் காசை எடுக்காம விட மாட்டேன், அப்பாகிட்ட சொல்லிடு." நான் அப்பாவிடம் சொன்னது: "அண்ணனுக்கு மனசுல ஒரு கொறை இருக்குப்பா, இப்ப அவசரமில்ல, தடைக்காலம் முடியட்டும்னு இருக்கு." அப்பா பதிலுக்குச் சொன்னது: "வீட்டுல சோறு தின்னுட்டு வலைக்குப் பங்கா? என்கிட்ட வந்து கேக்கச் சொல்லு பாப்போம்." நான் அண்ணனிடம் கொண்டுபோனது: "அப்பா முடியாதுன்னு சொல்லலண்ணே. யோசிக்கிறேன்னாரு."

பொய் சொன்னதாக எனக்கு அன்று தோன்றவே இல்லை. கசப்பை எடுத்துவிட்டுக் கொடுத்தேன் என்றுதான் நினைத்தேன். மூன்று வாரம் வீடு அமைதியாக இருந்தது. அம்மா கூட, "நீ பேசுனதுக்கு அப்புறம் ரெண்டும் சத்தமில்லாம இருக்கு" என்றாள். எனக்கு அவ்வளவு நிம்மதி.

அந்த மூன்று வாரமும் அண்ணன், அப்பா யோசிக்கிறார், தந்துவிடுவார் என்ற நம்பிக்கையில் தினமும் நானூறு நானூறாகக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது. பாடு குறைந்த நாள்களைக் கழித்தும் ஏழாயிரத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அதை வைத்து, அடகில் இருந்த மதினியின் கம்மலைத் திருப்பித் தருவதாக மதினியிடம் சொல்லியும் விட்டது. அப்பாவோ, பையன் அந்தப் பேச்சை விட்டுவிட்டான் என்று நினைத்து அந்தப் பணத்தில் இன்ஜினுக்குச் சாமான் வாங்கிவிட்டார். மே மூன்றாவது வாரத்தில் கரையில், நண்டு எடைபோட்ட இடத்திலேயே, நாலு பேர் பார்க்க அண்ணன் கேட்டது. "நீதான் விட்டுட்டியேடா" என்றார் அப்பா. "நீங்கதான யோசிக்கிறேன்னு சொன்னீங்க" என்றது அண்ணன். இரண்டு பேருமே அப்படிச் சொல்லவில்லை. சொன்னது நான்.

கால் மணி நேரத்துக்குள் இரண்டு பேரும் எனக்குப் போன் போட்டார்கள். "நீதான தாயி சொன்ன?" "நீதான புள்ள சொன்ன?" நான் கடையில் பில் கட்டுகளுக்கு நடுவே எழுந்து நின்றுகொண்டிருந்தேன். வாயில் வார்த்தை வரவில்லை.

நானூறு ரூபாய்ச் சண்டை ஏழாயிரமாக வளர்வதற்கு மூன்று வார அவகாசம் நான் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். முதல் நாளே நேருக்கு நேர் முட்டியிருந்தால் கம்மல் பேச்சு வந்திருக்காது, நாலு பேர் முன்னால் அவமானம் வந்திருக்காது.

அதற்குப் பிறகு எனக்கு வயிறு சரியில்லாமல் போனது. சாப்பிட்டால் எரிச்சல், ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு, விழித்தால் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது தெரியும், தாடை வலிக்கும். ஸ்கேன் எல்லாம் எடுத்து ஒன்றும் இல்லை என்று வந்த பிறகு அரசு மருத்துவமனையில் டாக்டர் என்னை ஆலோசகரிடம் அனுப்பினார். மனநலம் என்று பலகையைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. போகாததற்கு ஒரே காரணம், ரிமோட்டை எடுத்த என் பையனின் கை.

அந்த ஆலோசகர் அம்மா நிறையப் பேசவில்லை. நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு ஓ.பி. சீட்டின் பின்பக்கம் ஒரு முக்கோணம் போட்டார். மேலே இரண்டு முனையில் அப்பா, அண்ணன். கீழே நான். இரண்டு பேருக்கு நடுவில் சூடு தாங்க முடியாமல் போனால் மூன்றாவது ஆளை இழுப்பார்கள், இழுத்ததும் அந்த இருவருக்கும் சூடு குறையும், குறைந்த சூடு எங்கேயும் போகாது, மூன்றாவது ஆளிடம் வந்து உட்காரும் என்றார். சூடு குறைந்துவிட்டதால் இரண்டு பேருக்கும் விஷயத்தைப் பேசி முடிக்க வேண்டிய அவசரமும் போய்விடுகிறது. முர்ரே போவன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1950களில் நோயாளியை மட்டும் பார்க்காமல் குடும்பத்தையே மருத்துவமனையில் தங்கவைத்துக் கவனித்தார், அவர் இந்த முக்கோணத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார் என்று சொன்னார். எனக்கு அந்தப் பெயரை விட, சீட்டில் கீழ் முனையில் பேனாவை அழுத்தி அழுத்திப் போட்ட புள்ளிதான் மனதில் நின்றது. "இங்கதாம்மா உங்க வயிறு எரியுது."

முதலில் எதையும் மாற்ற வேண்டாம் என்றார். ஒரு வாரம் எழுது, அவ்வளவுதான். யார் கூப்பிட்டார், யாரைப் பற்றிப் பேசினார், யாரிடம் என்ன சொல்லச் சொன்னார், நீ சொல்லும்போது எந்த வார்த்தையை மாற்றினாய். நான் கணக்கு எழுதுகிற ஆள், எனக்கு அது சுலபம். ஏழு நாளில் 19 அழைப்பு. 14 அழைப்பு லைனில் இல்லாத ஒருவரைப் பற்றியது. கடைசிக் கட்டத்தைப் பார்த்தபோதுதான் நோட்டை மூடி வைத்துவிட்டேன். கொண்டுபோன ஒரு செய்தியைக் கூட நான் உள்ளபடி கொண்டுபோகவில்லை. "அவ சமைச்சா உப்பே இருக்காது" என்பது மதினியிடம் போகும்போது "அம்மாவுக்கு வயசாச்சு, நாக்குல ருசி தெரியல" என்று ஆகியிருந்தது. நான் இப்படி மாற்றி மாற்றிக் கொடுத்ததால் அம்மா என்ன நினைக்கிறாள் என்று மதினிக்குப் பதினோரு வருடமாகத் தெரியாது, மதினிக்கு எங்கே வலிக்கிறது என்று அம்மாவுக்கும் தெரியாது. இரண்டு பேருக்கும் நடுவே நான் ஒரு மூன்றாவது பேச்சைப் பேசிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் நோட்டில் தெரிந்தது. "அப்பா கோபமா இருக்கார்" என்று நானே எழுதியிருந்த பல இடங்களில், எப்படித் தெரியும் என்று அந்த அம்மா கேட்டார். "மூச்சு விடுறதை வச்சு." "அவர் சொன்னாரா?" "இல்ல." "நீங்க கேட்டீங்களா?" கேட்கவில்லை. அப்பாவுக்கு 67 வயது, முட்டி வலி, மாடிப்படி ஏறினால் மூச்சு அப்படித்தான் வரும். முட்டி வலிக்காரரின் மூச்சை வைத்து நான் எத்தனை முறை அண்ணனுக்குப் போன் போட்டு, "இன்னைக்கு அப்பாகிட்ட எதுவும் கேக்காதண்ணே" என்று சொல்லியிருக்கிறேன்!

அப்புறம் விலகுவது. வீட்டை விட்டு, போனை எடுக்காமல் விலகுவது என்று நான் பயந்தேன். அது இல்லையாம். போனை எடுக்க வேண்டும், அன்பாகப் பேச வேண்டும், செய்தியை மட்டும் வாங்கக் கூடாது. முன்கூட்டியே ஒரு வாக்கியம் தயாராக வைத்துக்கொள், அந்த நேரத்தில் தேடினால் கிடைக்காது என்றார். என் வாக்கியம் இது: "கஷ்டமாத்தான் இருக்கும்ணே. ஆனா இதை நீயே அப்பாகிட்ட சொல்லு." முதல் பாதி முக்கியம், அதை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் சொன்னால் விரட்டுகிற மாதிரி ஆகிவிடும். சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும், விளக்கம் சொல்லக் கூடாது. விளக்கம் ஆரம்பித்தால் திரும்ப உள்ளே போய்விடுவேன். அதோடு, சண்டை இல்லாத நாளில் நானாகக் கூப்பிட்டு வேறு ஏதாவது பேச வேண்டும். இல்லாவிட்டால், பிரச்சினை இருந்தால்தான் இவள் கிடைப்பாள் என்று ஆகிவிடும்.

பெரிய விஷயத்தில் தொடங்காதே என்பதும் அவர் சொன்னதுதான். நான் உப்பில் தொடங்கினேன். சாம்பாரில் உப்பு, வாசல் கூட்டுவது, யார் விருந்துக்கு யாரைச் சொல்லவில்லை. "அதை மதினிகிட்டயே சொல்லும்மா." முதல் முறை சொன்னபோது அம்மா அரை நிமிடம் பேசவில்லை. எனக்குக் கை வியர்த்தது. பிறகு அம்மா, "நீயும் மாறிட்ட" என்றாள்.

இதை அந்த அம்மா முன்பே சொல்லிவைத்திருந்தார். நீ நகர்ந்தால் முதலில் அமைதி வராது, சத்தம் கூடும். எப்போதும் திறந்த கதவு திறக்காவிட்டால் ஆள் போய்விட மாட்டான், முதலில் ஓங்கித் தட்டுவான். அழைப்பு கூடும், அழுகை கூடும், உனக்கு என்ன ஆச்சு என்று கேட்பார்கள், மாப்பிள்ளை ஏதாவது சொன்னாரா என்று கேட்பார்கள் (கேட்டார்கள்). இதைப் பார்த்துவிட்டு, நாம் செய்தது தப்பு என்று நினைத்துத் திரும்பப் போய் நின்றால், ஓங்கித் தட்டினால்தான் திறக்கும் என்று அவர்கள் கற்றுக்கொள்வார்கள், அடுத்த முறை அந்தச் சத்தத்திலிருந்துதான் தொடங்கும். அது முதலில் சொல்லப்பட்டிருக்காவிட்டால் நான் இரண்டாவது வாரமே விட்டிருப்பேன்.

எங்கே விலகக் கூடாது என்பதையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். கை ஓங்குகிற இடம், செத்துப்போகிறேன் என்ற பேச்சு, குழந்தைக்கு மருந்தோ சாப்பாடோ இல்லாத நிலை. அங்கே அந்த வாக்கியம் கூடாது, நேராகப் போய் நிற்க வேண்டும், தனியாகவும் சுமக்கக் கூடாது. பெண்களுக்கு 181, மனக் கஷ்டத்துக்கு 14416, இரண்டு உதவி எண்களும் என் போனில் இருக்கின்றன. ஒரு தடவை மதினி கூப்பிட்டு, சின்னதுக்குக் காய்ச்சல், கையில் காசில்லை, மாமாவிடம் கேட்க முடியாது என்றாள். பணம் அனுப்பினேன். அண்ணனுக்கும் அம்மாவுக்கும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உதவி வேறு, தூது வேறு என்று எனக்குப் பிரிந்தது அன்றுதான்.

2024 ஏப்ரல் வந்தது. அதே படகு, அதே 20 கட்டு, அதே எட்டு. அண்ணன் கூப்பிட்டது. "இந்தத் தடவ நீ சரியா பேசு புள்ள." நான் வாக்கியத்தைச் சொன்னேன். "போன வருசம் நீதான கெடுத்த, நீதான சரி பண்ணணும்" என்றது. அது குத்தியது, ஏனென்றால் அதில் உண்மை இருந்தது. "கெடுத்தேன்ணே, ஒத்துக்கிறேன். நடுவுல நின்னு பேசித்தான் கெடுத்தேன். இந்தத் தடவ நிக்கல." போனை வைத்துவிட்டது.

பதினொரு நாள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. அதில் நாலு நாள் அண்ணன் வேறு ஆள் படகில் போனது. அப்பா, முட்டி வலியோடு, பக்கத்து வீட்டுப் பையனைக் கூட்டிக்கொண்டு போனார். அந்த நாலு நாளும் நான் எப்படி இருந்தேன் என்று எழுதத் தெரியவில்லை. தென்காற்று பலமாக இருந்த ஒரு நாள், மத்தியானம் கடையில் லீவு சொல்லிவிட்டு ராமேஸ்வரம் பஸ் நிற்கும் இடத்துக்குப் போய்விட்டேன். பஸ் வந்தது, ஏறவில்லை. அடுத்ததும் வந்தது. முகஞ்சுளித்து அனுப்பக் கூடாது, முகஞ்சுளித்து அனுப்பக் கூடாது என்று அம்மாவின் குரல் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தப் பெஞ்சில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. இத்தனை வருடமும் காற்றை நான்தான் பிடித்து வைத்திருக்கிறேன் என்று நம்பியிருக்கிறேன். வீட்டில் எல்லோரும் சிரித்த முகமாக இருந்தால் படகு பத்திரமாகத் திரும்பும் என்று அந்த ஒன்பது வயதுப் பிள்ளை முடிவு செய்துவிட்டது, நான் அதைத் திருத்தவே இல்லை. அப்பா இரண்டு தடவை காற்றில் மாட்டியிருக்கிறார், இரண்டு தடவையும் வீட்டில் எந்தச் சண்டையும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த ஆச்சி எதுவும் கேட்காமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். மூன்றாவது பஸ்ஸையும் விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

பன்னிரண்டாம் நாள் என்ன நடந்தது என்று எனக்கு நேரடியாகத் தெரியாது, நான் அங்கே இல்லை. அம்மா சொன்னது: கரையில் உட்கார்ந்து அப்பா வலையிலிருந்து நண்டு எடுத்துக்கொண்டிருந்தார். அது அவசரப்படுகிற வேலை இல்லை. இழுத்தால் கால் ஒடியும், கால் ஒடிந்த நண்டுக்கு விலை பாதிகூட வராது. ஒவ்வொரு கண்ணியாகத் தளர்த்தி எடுக்க வேண்டும். அண்ணன் எதிரில் போய் உட்கார்ந்து, தானும் ஒரு நுனியைப் பிடித்து எடுக்க ஆரம்பித்திருக்கிறது. ரொம்ப நேரம் கழித்து அப்பா, "ஒன் எட்டுக் கட்டுலயும் நீலக் கயிறு கட்டு" என்றாராம். "எதுக்கு?" "அதுல விழுந்ததைத் தனியா எடை போடு. நல்லா விழுந்தா ஒனக்கு, விழாட்டியும் ஒனக்கு. வலை கிழிஞ்சா நீ தச்சுக்க." "சரி" என்றது அண்ணன். "படகுக்கு என்ன எடுப்பீங்க?" "பாதி." "மூணுல ஒண்ணு." அதற்கு மேல் கொஞ்சம் சத்தம் போட்டிருக்கிறார்கள். கடைசியில் ஐந்தில் இரண்டு என்று முடிந்திருக்கிறது.

நான் இருந்திருந்தால் இந்த முடிவு வந்திருக்காது. தகப்பனும் மகனும் ஒரே படகில் தனித்தனியாக எடை போடுவதா, ஊர் என்ன சொல்லும் என்று பதறி, இரண்டு பேரையும் ஏதாவது ஒரு இனிப்பான பாதிக்கு இழுத்துவந்திருப்பேன். அவர்கள் செய்தது கொஞ்சம் வறட்டுக் கணக்கு. ஆனால் இரண்டு பேரும் தங்கள் வாயால் சொல்லிக்கொண்டது. நீலக் கயிறு 2025 தடைக்காலத்திலும் அப்படியே இருந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். அம்மாவும் மதினியும் இன்னும் நேராகப் பேசுவதில்லை. நான் கொண்டுபோவதை நிறுத்தியதும் அம்மா சித்தியைப் பிடித்துக்கொண்டாள், இப்போது சித்திதான் அந்த முனையில் இருக்கிறாள், சித்திக்கும் சுகர் ஏறுகிறது. சித்தியிடம் முக்கோணத்தைப் பற்றி ஒருநாள் சொன்னேன். "பாவம்டி, அவ வேற யார்கிட்ட சொல்லுவா" என்றாள். எனக்குப் பதில் இல்லை. அம்மாவுக்குப் பேச ஒரு ஆள் வேண்டும் என்பது உண்மைதான். இப்போது வாரத்தில் இரண்டு நாள் அம்மாவோடு அரை மணி நேரம் பேசுகிறேன், அவளைப் பற்றி மட்டும். ஆரம்பத்தில் அவளுக்குத் தன்னைப் பற்றிச் சொல்ல எதுவுமே இருக்கவில்லை. "என்னத்தச் சொல்ல?" என்பாள். போன மாதம், சின்ன வயதில் கூட்டாளிகளோடு கடல்பாசி எடுக்கப் போய்த் தீவில் மழையில் மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னாள். நாற்பது வருடத்தில் நான் கேட்காத கதை.

முகத்தைப் படிக்கிற பழக்கம் எனக்குப் போகவில்லை, போகும் என்றும் தோன்றவில்லை. என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றுகிற சத்தத்திலேயே எனக்கு அன்றைய நாள் தெரிந்துவிடும். இப்போது தெரிந்துகொண்ட பிறகு எதுவும் செய்யாமல் இருக்கப் பழகுகிறேன். அவர் குளித்துவிட்டு வரும்வரை என் வேலையைப் பார்க்கிறேன். பல நாள் அது வெறும் பசியாக இருக்கிறது. பையன் டிவி சத்தத்தைக் குறைத்தால், "நீ பாருடா, மாமா மேல எனக்கு வருத்தம், அதை நான் பாத்துக்குறேன்" என்று சொல்கிறேன். சில நாள் அவன் நம்புகிறான்.

போன வாரம் ராத்திரி ஒன்பது மணிக்கு அண்ணன் கூப்பிட்டது. "அப்பா பழைய இன்ஜினை விக்கப் போறாராம், ஒனக்குத் தெரியுமா?"

வாக்கியம் நாக்கில் வந்து நின்றது. "இல்லண்ணே. நீயே அவர்கிட்ட..."

"கேட்டுட்டேன், கேட்டுட்டேன். விக்கட்டும், விலை நல்லாத்தான் கேக்குறாக. சும்மா ஒன்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு."

அப்புறம் சின்னவள் பாம்பன் பாலத்தில் ரயில் போவதைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்ததை, பாலத்தில் நின்று காத்திருந்து ரயில் வருவதற்குள் அவள் தோளிலேயே தூங்கிவிட்டதை அண்ணன் இருபது நிமிடம் சொன்னது. பேசி முடித்து போனை வைத்தபோதுதான் பார்த்தேன், நான் கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தேன்.